அக்காவுக்கு லாபம், தம்பிக்கு நஷ்டம்: ஓராண்டுக் கணக்கின் மறுபக்கம்

அக்கா ஐ.டி. நிறுவனத்தில் மேலாளர். வரிக்குரிய ஆண்டு வருமானம் 30 லட்சம் ரூபாய். தம்பி ஒரு கடையில் கணக்கர். அவருக்கு 8 லட்சம். இருவருமே புதிய வரி முறையில் இருக்கிறார்கள். ஜூன் 10-ம் தேதி இருவரும் தலா 2 லட்சம் ரூபாய்க்கு கோல்டு இ.டி.எஃப். வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு நெருங்கும்போது அதன் மதிப்பு 2.60 லட்சம் ஆகிவிடுகிறது. ஆளுக்கு 60,000 ரூபாய் லாபம். இப்போதே விற்பதா, இன்னும் சில நாள் பொறுப்பதா?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கடன் பத்திரம், டிபெஞ்சர், கோல்டு இ.டி.எஃப். ஆகிய மூன்றுக்கும் எல்லைக்கோடு 12 மாதம்தான். அதைத் தாண்டி விற்றால் நீண்ட கால மூலதன ஆதாயம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வரி 12.5%. வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் சலுகை கிடையாது. 12 மாதத்துக்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம். லாபம் சம்பளத்தோடு சேர்ந்து, அவரவர் வரி வரம்புப்படி வரி விழும்.

அக்கா 30% வரம்பில் இருப்பவர். ஜூன் 9-ம் தேதி விற்றால் 4% செஸ் சேர்த்து 31.2%, அதாவது 18,720 ரூபாய் வரி. ஜூன் 12 வரை பொறுத்தால் செஸ்ஸோடு 13%, அதாவது 7,800 ரூபாய்தான். மூன்று நாளில் 10,920 ரூபாய் மிச்சம்.

தம்பிக்குக் கணக்கு தலைகீழ். ஜூன் 9-ல் விற்றால் லாபம் சம்பளத்தோடு சேர்ந்து மொத்த வருமானம் 8.60 லட்சம் ஆகும். புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால், அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அக்காவைப் பார்த்து அவரும் ஜூன் 12 வரை காத்திருந்தால், 12.5% என்ற தனி விகிதத்துக்குள் போய்விடுவார். 2025-26 நிதியாண்டு முதல், இப்படித் தனி விகிதத்தில் வரும் வரிக்குப் புதிய முறையில் அந்தத் தள்ளுபடி கிடையாது. பொறுமைக்குப் பரிசாக 7,800 ரூபாய் வரி!

‘நீண்ட கால ஆதாயத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லையே?’ என்று பலர் கேட்பார்கள். அந்த விலக்கு பங்குகள், பங்கு சார்ந்த ஃபண்டுகள் போன்றவற்றுக்குத்தான். கடன் பத்திரத்துக்கும் தங்கத்துக்கும் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு.

12 மாதத்தை எண்ணுவதிலும் தடுக்கி விழ இடமுண்டு. சந்தையில் வாங்கி விற்கும்போது காண்ட்ராக்ட் நோட்டில் இருக்கும் தேதிதான் கணக்கு. யூனிட் டீமேட்டுக்கு வந்து சேர்ந்த நாள் அல்ல. மாதாமாதம் வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு மாத யூனிட்டுக்கும் தனித்தனி வயது. மாதம் 10 யூனிட் வீதம் 15 மாதம் வாங்கியவர், கடைசி மாதம் வாங்கிய கையோடு மொத்தத்தையும் விற்றால், முதலில் வாங்கிய சில மாத யூனிட்டுகள் மட்டுமே நீண்ட கால ஆதாயத்தில் வரும். கொஞ்சம் மட்டும் விற்றால், அந்த டீமேட் கணக்கில் முதலில் வந்தவை முதலில் போனதாகவே கணக்கிடுவார்கள். எதை விற்பது என்று நாம் பொறுக்கி எடுக்க முடியாது.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறவும் கூடாது. இ.டி.எஃப்.பில் முதலீடு செய்யும் கோல்டு ஃபண்டுகள் சந்தையில் பட்டியலிடப்படாதவை. அவற்றுக்கு எல்லை 24 மாதம். பட்டியலிடப்படாத டிபெஞ்சரை 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால், பத்தாண்டு வைத்திருந்தாலும் அது குறுகிய கால ஆதாயம்தான். சந்தைக் குறியீட்டோடு வருமானம் இணைக்கப்பட்ட டிபெஞ்சர்கள் பட்டியலிடப்பட்டிருந்தாலும் அதே கதிதான். கடன் பத்திரத்தில் ஆண்டுதோறும் வரும் வட்டியோ இந்தக் கணக்கிலேயே சேராது. அது எப்போதும் வரி வரம்புப்படிதான்.

ஆகவே காலண்டரைப் பார்க்கும் முன், அந்த ஆண்டின் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள். அக்காவைப் போல 30% வரம்பில் இருந்தால் 12 மாதம் தாண்டட்டும். தம்பியைப் போல, லாபத்தையும் சேர்த்து 12 லட்சத்துக்குள் நின்றால், ஓராண்டு முடியுமுன் விற்பதே வரிக் கணக்கில் மலிவு. தங்கத்தை விட மனமில்லையென்றால் விற்ற பிறகு மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தரகுக் கட்டணம் கொஞ்சம் போகும். 12 மாதக் கணக்கும் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் அடுத்த முறை லாபம் கணக்கிடும்போது வாங்கிய விலை 2 லட்சமாக இருக்காது, 2.60 லட்சமாக இருக்கும்.