எல்லையிலிருந்து எல்லையைக் கழித்தால்

தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களின் மக்கள்தொகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்த பட்டை ஒன்று ஒரு புத்தகப் பக்கத்தில் இருக்கிறது. 2001-க்கு ஒரு பட்டை, 2011-க்கு ஒரு பட்டை. பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வந்துவிட்டோம். எண்கள் எங்கும் அச்சாகவில்லை. இடப்பக்க அச்சில் மட்டும் 0, 5, 10 என்று 30 கோடி வரை அளவுகள் இருக்கின்றன. 2011-இல் கேரளத்தில் எத்தனை பேர் என்று இந்தப் படத்தைக் கொண்டே சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் நேராகப் படித்துச் சொல்ல முடியாது. அடியில் இருக்கும் தமிழ்நாட்டுத் துண்டு பூஜ்யத்தில் தொடங்குவதால் அதன் மேல்விளிம்புக்கு நேரே அச்சைப் பார்த்தாலே விடை வந்துவிடும். மற்ற மூன்றும் அந்தரத்தில் நிற்பவை. மூன்றாம் மாடியின் கூரை தரையிலிருந்து எத்தனை அடி என்று தெரிந்தால் மட்டும் அந்த மாடியின் உயரம் தெரிந்துவிடாது. அதன் தளம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதும் வேண்டும். கண்ணளவில் மதிப்பிடவும் இத்தகைய துண்டுகள் இடம்கொடுப்பதில்லை. ஒரே அடிக்கோட்டில் நிற்பவற்றை ஒப்பிடும் அளவுக்கு, வெவ்வேறு உயரங்களில் தொடங்கும் நீளங்களை மனிதக் கண் சரியாக ஒப்பிடாது என்று வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மக்கில்லும் 1984-இல் சோதனை செய்து காட்டினார்கள்.

ஆகவே அளக்க வேண்டும். GIMP போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் சுட்டியை ஓரிடத்தில் வைத்தால் அந்தப் புள்ளி எத்தனையாவது பிக்சல் வரிசையில் இருக்கிறது என்று கீழே காட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வரிசை எண் மேலிருந்து கீழாக ஏறும், வரைபடத்தின் மதிப்போ கீழிருந்து மேலாக ஏறும்.

நம் படத்தில் 0-வின் கோடு 1842-ஆம் வரிசையிலும் 30 கோடியின் கோடு 342-ஆம் வரிசையிலும் விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 1500 பிக்சல். ஒரு கோடிக்கு 50 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 2 லட்சம் பேர். இந்த 2 லட்சம்தான் இனி நம் அளவுகோல். 2011 பட்டையின் எல்லைகள் கீழிருந்து மேலாக 1480, 1059, 752, 587 என்று படிக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் 1842-இலிருந்து கழித்து 50-ஆல் வகுத்தால் 7.24, 15.66, 21.80, 25.10 கோடி. இவை துண்டுகளின் மதிப்புகள் அல்ல, அடியிலிருந்து அந்த எல்லை வரைக்குமான கூட்டுத்தொகைகள். ஒவ்வொரு எல்லையிலிருந்தும் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்லையைக் கழித்தால் துண்டுகள் கிடைக்கும். தமிழ்நாடு 7.24, ஆந்திரம் 8.42, கர்நாடகம் 6.14, கேரளம் 3.30.

இந்த உதாரணத்தை எடுத்ததற்குக் காரணம், விடையைச் சரிபார்க்க வழி இருப்பதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு 7.21 கோடி, அப்போது பிரிக்கப்படாதிருந்த ஆந்திரம் 8.46, கர்நாடகம் 6.11, கேரளம் 3.34. நம் வாசிப்பு ஒவ்வொன்றிலும் 3 முதல் 4 லட்சம் தள்ளி நிற்கிறது. எல்லைகளை மட்டும் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஒவ்வொரு எல்லையிலும் பிழை ஏறத்தாழ ஒரு பிக்சல்தான். ஆனால் துண்டுக்கு எல்லைகள் இரண்டு. மேல் எல்லையை ஒரு பிக்சல் கீழாகவும் கீழ் எல்லையை ஒரு பிக்சல் மேலாகவும் படித்துவிட்டால் இரண்டு பிழையும் சேர்ந்துகொள்ளும். கேரளத்துக்கு நேர்ந்தது அதுதான். கர்நாடக–கேரள எல்லை சற்றே உயர்த்திப் படிக்கப்பட்டதால் கர்நாடகம் பருத்து, கேரளம் மெலிந்தது. அடுத்தடுத்த துண்டுகளின் பிழைகள் பெரும்பாலும் இப்படி எதிரெதிர்த் திசையில் இருப்பதைக் காணலாம். ஒருவர் இழப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகிறது.

இந்த இடத்தில் பலரும் ஒரு சரிபார்ப்பைச் செய்து திருப்தி அடைவார்கள். நான்கு துண்டுகளையும் கூட்டிப் பார்ப்பது. 7.24, 8.42, 6.14, 3.30 கூட்டினால் 25.10. பட்டையின் உச்சியும் 25.10. அப்படியே பொருந்துகிறதே என்று தோன்றும். பொருந்தாமல் போகவே முடியாது என்பதுதான் உண்மை. நடு எல்லை ஒவ்வொன்றும் ஒரு துண்டில் கூட்டப்பட்டு, மறு துண்டில் கழிக்கப்படுகிறது. எல்லையை எங்கே தப்பாக வைத்தாலும் கூட்டுத்தொகை அசையாது. கழித்தலில் கணக்குப் பிழை நேர்ந்ததா என்று பார்க்க இந்தக் கூட்டல் உதவும். வாசிப்பு சரியா என்பதற்கு அது சாட்சியே அல்ல. அதற்கு அதே படத்தை இன்னொருவர் தனியாக அளக்க வேண்டும், அல்லது வரைபடத்துக்கு அருகே உரையில் எங்காவது அச்சாகியிருக்கும் ஓர் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

கழித்தல் பிழையைக் கூட்டத்தான் செய்யும் என்று நினைத்துவிடவும் கூடாது. இரண்டு எல்லைக்கும் பொதுவான பிழையை அது துடைத்தே எடுத்துவிடும். படம் ஒரு பாகை சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். பட்டை அச்சிலிருந்து 1000 பிக்சல் வலப்பக்கம் தள்ளி இருந்தால், சாய்வினால் அது மொத்தமாக 17 பிக்சல் கீழே இறங்கியிருக்கும். அதாவது 34 லட்சம். 1480-இல் இருந்த தமிழ்நாட்டு எல்லை இப்போது 1497-இல் தெரியும். அச்சின் பூஜ்யமான 1842-இலிருந்து கழித்தால் தமிழ்நாடு 6.90 கோடிக்குச் சுருங்கிவிடும். மற்ற மூன்று மாநிலங்களுக்கும் ஒன்றுமே ஆகாது, ஏனெனில் அவற்றின் இரு எல்லைகளும் சேர்ந்தே 17 பிக்சல் இறங்கியிருக்கின்றன. பார்த்தவுடன் படிக்கத்தக்கது என்று நாம் நம்பிய அடித்துண்டுதான் இங்கே ஏமாற்றுகிறது. மருந்து எளிது. பூஜ்யத்தை அச்சில் எடுக்காமல் அந்தந்தப் பட்டையின் சொந்த அடியில் எடுத்தால், தமிழ்நாடும் மற்றவற்றைப் போலவே இரண்டு எல்லைகளின் வித்தியாசமாகிவிடும். அச்சே பூஜ்யத்தில் தொடங்காத வரைபடமாக இருந்தால் மட்டும், அடித்துண்டோடு அச்சின் தொடக்க மதிப்பையும் கூட்ட வேண்டும்.

எல்லைக்கோட்டின் தடிமனும் இப்படித்தான். துண்டுகளுக்கு நடுவே நான்கு பிக்சல் தடிமனில் கறுப்புக் கோடு இருந்தால், அதன் நடுவை எடுக்கலாம், மேல்விளிம்பையும் எடுக்கலாம். ஒன்றை எடுத்தால் கடைசி வரை அதையே எடுக்க வேண்டும். ஓரிடத்தில் மேல்விளிம்பும் அடுத்த இடத்தில் கீழ்விளிம்பும் எடுத்தால் 8 லட்சம் பேர் தொலைந்துபோவார்கள். கோடே இல்லாமல் நிறம் மட்டும் மாறும் இடத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நிறம் மற்றொன்றாக மாறச் சில பிக்சல்கள் எடுப்பது தெரியும். நடுவைக் கொள்வது வழக்கம். ஜேபெக் படங்களில் ஒளியின் ஏற்றத்தாழ்வு முழு நுணுக்கத்தோடும், நிறவேறுபாடு பெரும்பாலும் அதில் பாதி நுணுக்கத்தோடும் பதிவாகும். அதனால் ஒரே அளவு வெளிச்சமுள்ள பச்சையும் சிவப்பும் சந்திக்கும் எல்லை, வெளிர்மஞ்சளும் கருநீலமும் சந்திக்கும் எல்லையைவிட மங்கலாக இருக்கும்.

கழித்தலால் துடைக்க முடியாத பிழை ஒன்று உண்டு. புகைப்படத்துக்கே உரியது அது. புத்தகத்தை மேசைமேல் வைத்து நம் பக்கமிருந்து சாய்வாகப் படமெடுத்தால், பக்கத்தின் அடி கேமராவுக்கு அருகிலும் தலை தொலைவிலும் இருக்கும். அளவுக்கோடுகளின் இடைவெளி கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் விழும். 0 முதல் 5 வரை 267 பிக்சல், 25 முதல் 30 வரை 234 பிக்சல் என்ற அளவுக்குச் சாய்ந்திருந்தாலும் கண்ணுக்கு அது உறுத்தாது. முனைக்கோடுகள் இரண்டை மட்டும் வைத்து ஒரு கோடிக்கு 50 பிக்சல் என்று பழையபடி கணக்கிட்டால் தமிழ்நாடு 7.66 கோடியாகப் பருத்துவிடும், உச்சியில் இருக்கும் கேரளம் 3.19-க்கு இறங்கிவிடும். 2001-இல் கேரளத்தில் இருந்தவர்கள் 3.18 கோடி. படம் பிடித்த கோணம் பத்தாண்டு வளர்ச்சியைத் தின்றுவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க அச்சின் எல்லா அளவுக்கோடுகளையும் ஒருமுறை அளந்தால் போதும். சம இடைவெளியில் இல்லையென்றால் படம் சாய்வு. மென்பொருளில் சட்டத்தின் நான்கு மூலைகளையும் குறித்துப் படத்தைச் செவ்வகமாக நிமிர்த்தலாம். அது முடியாதபோது ஒவ்வோர் எல்லையையும் அதற்கு மேலும் கீழும் உள்ள அடுத்தடுத்த இரு அளவுக்கோடுகளை மட்டும் வைத்துக் கணக்கிடலாம். நம் உதாரணத்தில் அப்படிச் செய்தால் மிஞ்சும் பிழை ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அளவுக்கோடுகள் பட்டையின் அருகே வரை நீண்டிருந்தால் அங்கேயே அவற்றை அளப்பது இன்னும் நல்லது. வரிசையும் முக்கியம். முதலில் ஒவ்வோர் எல்லையையும் கோடிக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் கழிக்க வேண்டும். பிக்சலிலேயே கழித்துவிட்டுப் பிறகு மாற்றுவது நேராக எடுத்த படத்துக்கு மட்டுமே செல்லும். பைண்டிங் அருகே பக்கம் வளைந்திருந்தால் நான்கு மூலைத் திருத்தமும் உதவாது. புத்தகத்தை அழுத்தித் தட்டையாக்கி, சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து மறுபடியும் எடுப்பதே வழி.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஓர் எல்லை இருக்கிறது. நேராக எடுத்த அந்த முதல் படத்திலேயே 2001 பட்டையின் கேரளத் துண்டு 886 முதல் 725 வரை, அதாவது 161 பிக்சல் என்று படிக்கப்பட்டது. 3.22 கோடி. 2011-இல் 165 பிக்சல், 3.30 கோடி. வித்தியாசம் 8 லட்சம். கணக்கெடுப்பு சொல்லும் உண்மையான வளர்ச்சி 15.6 லட்சம். பாதியைக் காணோம். இத்தனைக்கும் எந்த எல்லையிலும் ஒன்றரை பிக்சலைத் தாண்டிப் பிழை இல்லை. துண்டுக்கு இரண்டு எல்லை என்றால் இரு துண்டுகளின் வித்தியாசத்துக்கு நான்கு எல்லை. எல்லைக்கு ஒரு பிக்சல் என்று வைத்தாலும், நான்கு பிழையும் ஒரே பக்கம் சேர்ந்தால் 8 லட்சம் வரை போகும். 3 கோடியோடு ஒப்பிட்டால் அது சிறிய எண். 15 லட்சத்தோடு ஒப்பிட்டால் பாதி.

எனவே இப்படி எடுத்த எண்ணை எழுதும்போது பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கேரளம் 3.30 கோடி, கூடக்குறைய 4 லட்சம் என்று. இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலான மாற்றம்தான் வேண்டும் என்றால் படத்தை மூடிவிட்டு, கணக்கெடுப்பு அட்டவணையைத் தேடிப் போவதே சரி.