கோப்பைத் திறப்பது யார்?

கணினியில் ஓடும் எந்த நிரலும் தானாக ஒரு கோப்பைத் திறந்துவிட முடியாது. சொற்களைத் தட்டச்சு செய்யும் செயலியும், பாட்டு ஒலிக்கும் செயலியும், வங்கிக் கணக்கைக் காட்டும் பிரவுசரும் தங்கள் நினைவகத்துக்குள் கூட்டலாம், கழிக்கலாம், எழுத்துகளை வரிசைப்படுத்தலாம். வட்டில் இருக்கும் ஒரு பைட்டைத் தொட வேண்டும் என்றாலோ, நெட்வொர்க் கம்பியில் ஒரு பைட்டை அனுப்ப வேண்டும் என்றாலோ, இயக்க முறைமையின் மையப் பகுதியான கர்னலிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்று வைத்திருக்கும் வாசலுக்குப் பெயர் சிஸ்டம் கால். 

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். லினக்ஸில் அதற்காகவே `strace` என்றொரு கருவி இருக்கிறது. ஒரு நிரல் கர்னலிடம் என்னென்ன கேட்டது, கர்னல் என்ன பதில் சொன்னது என்று வரிக்கு வரி எழுதித் தரும். `pattiyal.txt` என்ற கோப்பில் "பால்" என்ற ஒரே சொல்லை எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். அதைத் திரையில் காட்ட `cat` என்ற சிறிய நிரல் போதும். அதை `strace` வழியாக ஓட்டினால், தொடக்கத்தில் பல வரிகள் வந்து விழும். நிரல் தனக்குத் தேவையான நூலகக் கோப்புகளை ஏற்றிக்கொள்ளும் வேலை அது. அதைத் தாண்டிப் போனால், நமக்கு வேண்டிய வரிகள் இப்படி இருக்கும்:

```
openat(AT_FDCWD, "pattiyal.txt", O_RDONLY) = 3
read(3, "\340\256\252\340\256\276\340\256\262\340\257\215\n", 131072) = 13
write(1, "\340\256\252\340\256\276\340\256\262\340\257\215\n", 13) = 13
read(3, "", 131072) = 0
close(3) = 0
```

ஒவ்வொரு வரியிலும் சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது நிரல் கேட்டது, வலப்பக்கம் இருப்பது கர்னலின் பதில். முதல் வரி, "இந்தக் கோப்பைப் படிப்பதற்காகத் திறந்து கொடு" என்கிறது. பதிலாகக் கோப்பு வரவில்லை. 3 என்ற எண் மட்டும் வருகிறது. இனி நிரலுக்கும் கர்னலுக்கும் இடையே அந்தக் கோப்பின் பெயர் 3 தான். ஏன் 3? பொதுவாக நிரல் பிறக்கும்போதே மூன்று எண்கள் அதன் கையில் இருக்கும்: விசைப்பலகையிலிருந்து வருவது 0, திரைக்குப் போவது 1, பிழைச்செய்தி போவது 2. மிச்சமிருப்பதில் மிகச் சிறிய எண்ணைக் கர்னல் எடுத்துக் கொடுக்கிறது.

இரண்டாவது வரியில், "3-லிருந்து 1,31,072 பைட் வரை கொடு" என்று நிரல் கேட்கிறது. கிடைத்தது 13 தான். தமிழில் "பால்" இரண்டே எழுத்து. ஆனால் யூனிகோடில் அது ப, கால், ல, புள்ளி என நான்கு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ஆகப் பன்னிரண்டு, வரி முடிவுக்கு இன்னொன்று. மேலே `\340` என்று தொடங்கும் நான்கு கொத்துகளும் அந்த நான்கு குறிகளே. கர்னலுக்கு எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. பைட்டுகளை எண்ணிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. அவற்றைத் தமிழாகக் காட்டுவது திரையில் இருக்கும் டெர்மினலின் பொறுப்பு.

மூன்றாவது வரி அதே 13 பைட்டை 1-க்கு, அதாவது திரைக்கு அனுப்புகிறது. நான்காவது வரியில் நிரல் மறுபடியும் கேட்க, கர்னல் 0 என்கிறது. கோப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். கேட்ட அளவுக்குக் குறைவாக வந்தால் அதோடு முடிந்தது என்று நிரல் எடுத்துக்கொள்ளக் கூடாது; நெட்வொர்க்கிலோ விசைப்பலகையிலோ பாதி இப்போதும் மீதி பிறகும் வரலாம். 0 வரும்வரை கேட்பதுதான் சரியான பழக்கம்.

இந்த ஒரு வரிக்குள் பிராசஸர் செய்யும் காரியம் கவனிக்கத் தக்கது. இன்றைய மேசைக்கணினிகளில் இருக்கும் 64-பிட் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில், நிரல் முதலில் `rax` என்ற ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை வைக்கிறது. லினக்ஸில் `read` என்றால் 0, `write` என்றால் 1, `openat` என்றால் 257. எந்தக் கோப்பு, நினைவகத்தில் எந்த இடம், எத்தனை பைட் என்ற விவரங்கள் வேறு ரெஜிஸ்டர்களில் போகும். பிறகு `syscall` என்ற ஒரே கட்டளை. அது ஓடியதும் பிராசஸர், அதிகாரம் குறைந்த நிலையிலிருந்து முழு அதிகாரம் உள்ள நிலைக்கு மாறுகிறது. கணினி தொடங்கியபோதே கர்னல் குறித்துவைத்த ஒரு முகவரிக்குத் தாவுகிறது. அந்த முகவரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிரலுக்குக் கிடையாது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. முழு அதிகாரம் கிடைக்கும் அதே நொடியில், ஓடுவது நிரலின் குறியீடாக இல்லாமல் கர்னலின் குறியீடாக மாறிவிடுகிறது.

உள்ளே போனபின் கர்னல் எதையும் நம்புவதில்லை. நிரல் சொன்ன நினைவக முகவரி உண்மையிலேயே அந்த நிரலுக்குச் சொந்தமானதா என்று பார்க்கும். `openat` என்றால், பாதையில் இருக்கும் ஒவ்வொரு கோப்புறையாக நடந்து, அதைக் கடக்க இந்தப் பயனருக்கு அனுமதி உண்டா என்று சோதிக்கும். கோப்பே இல்லையென்றால் `ENOENT`, அனுமதி இல்லையென்றால் `EACCES` என்று திருப்பி அனுப்பும். திரையில் வெறுமனே "திறக்க முடியவில்லை" என்று சொல்லும் செயலி எதனால் தவிக்கிறது என்பது இந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும். பெயரைத் தவறாக எழுதியிருக்கிறோமா, அனுமதி போதவில்லையா என்று ஊகிக்கவே வேண்டாம்.

அனுமதிச் சோதனை திறக்கும்போது நடப்பது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நடப்பதில்லை. ஒரு நிரல் கோப்பைத் திறந்து 3 என்ற எண்ணை வாங்கிய பிறகு, அந்தக் கோப்பின் அனுமதிகளை எல்லாம் பறித்தாலும் அது தொடர்ந்து படிக்கும். கோப்பையே அழித்தாலும் படிக்கும். பெயர் மட்டும்தான் கோப்புறையிலிருந்து போகிறது. யாராவது திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டில் இருக்கும். சர்வர் நிர்வாகிகளைத் திணறவைக்கும் ஒரு பிரச்சினை இங்கிருந்துதான் கிளம்புகிறது. வட்டு நிரம்பிவிட்டதென்று பெரிய லாக் கோப்பை அழிப்பார்கள். இடம் ஒரு பைட்கூடத் திரும்பாது. கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் `du` ஒரு கணக்குச் சொல்லும், வட்டைக் கேட்கும் `df` வேறு கணக்குச் சொல்லும். அந்த லாக்கை எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அதை இன்னும் மூடவில்லை என்பதே காரணம். `lsof +L1` என்று கேட்டால் எந்த நிரல் என்று தெரிந்துவிடும். அதை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பும்.

எழுதும் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. ஒரு கோப்பில் `write` செய்து 13 என்று பதில் வந்தால், 13 பைட்டும் வட்டுக்குப் போய்விட்டன என்று பொருளல்ல. கர்னல் அவற்றைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். வட்டில் எழுதுவது சில நொடிகள் கழித்து நடக்கலாம். இடையில் மின்சாரம் போனால் அந்தப் பைட்டுகளும் போகும். பணக் கணக்கு எழுதும் டேட்டாபேஸ்கள் அதனால்தான் `fsync` என்ற இன்னொரு சிஸ்டம் காலைக் கேட்டு, வட்டில் சேர்ந்தது என்ற பதில் வந்த பிறகே "பதிவானது" என்கின்றன.

நெட்வொர்க்குக்கும் இதே வாசல்தான். `socket` என்று கேட்டால் ஓர் எண் வரும். `connect` என்று கேட்டால் அந்த எண்ணைத் தொலைவில் இருக்கும் ஒரு கணினியோடு கர்னல் இணைக்கும். பிறகு கோப்பைப் போலவே அதிலும் `read`, `write` செய்யலாம். பைட் வருவது வட்டிலிருந்தா, வேறொரு ஊரிலிருந்தா என்று படிக்கும் வரிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. 1970-களில் யூனிக்ஸ் கட்டிய கோப்பு எண் முறைக்குள் பின்னால் வந்த நெட்வொர்க்கும் இப்படிப் பொருந்திக்கொண்டது மிக அழகான வடிவமைப்பு.

ஒரு கடையில் பில் போடும் மென்பொருள், உள்ளறையில் இருக்கும் டேட்டாபேஸ் கணினியோடு பேச முடியாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். `strace`-இல் இந்த வரி வருகிறது:

```
connect(3, {sa_family=AF_INET, sin_port=htons(3306), sin_addr=inet_addr("192.168.1.20")}, 16) = -1 ECONNREFUSED (Connection refused)
```

பதில் உடனே வந்திருந்தால், பெரும்பாலும் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, கம்பியும் சரியாக இருக்கிறது, 3306 என்ற போர்ட்டில் மட்டும் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். டேட்டாபேஸ் நிரலைத் தொடங்க வேண்டும். அதே வரி `connect(3, ...` என்று பாதியில் நின்று, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கழித்து `ETIMEDOUT` என்று முடிந்தால் கதை வேறு. அனுப்பிய பாக்கெட்டுக்கு மறுமொழியே இல்லை. கணினி அணைந்திருக்கலாம், ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம், முகவரியே தவறாக இருக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் உறைந்துவிட்டாலும், `strace -p` போட்டு அதன் எண்ணைக் கொடுத்தால், அது எந்த வாசலில் காத்து நிற்கிறது என்று தெரியும். அப்படிக் காத்திருக்கும் நிரல் பிராசஸரைத் தின்பதில்லை. தரவு வரும்வரை கர்னல் அதைத் தூங்க வைத்துவிட்டு மற்ற நிரல்களை ஓட்டும். உறைந்த நிரல் பிராசஸரை நூறு சதவீதம் பிடித்துக்கொண்டிருக்க, `strace` ஒரு வரியும் காட்டாவிட்டால், கோளாறு நிரலின் சொந்தக் கணக்குக்குள்ளேயே சுழல்கிறது.

`strace` எல்லாவற்றையும் காட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கோப்பை `mmap` மூலம் நினைவகத்தோடு இணைத்துக்கொண்ட நிரல், அதன்பின் எதைப் படித்தாலும் `read` வரி வராது. மேலும் ஒவ்வொரு அழைப்பிலும் நிரலை நிறுத்திப் பார்ப்பதால் அது ஓட்டத்தை வெகுவாக மெதுவாக்கும். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் முக்கியமான சர்வரில் அதைப் போடுவது ஆபத்து.

எல்லாக் கோரிக்கையும் ஒரே வாசல் வழியாக வருவதால், அந்த வாசலைச் சுருக்கவும் முடிகிறது. 2005-இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த செக்காம்ப் என்ற வசதி, தொடக்கத்தில் ஒரு நிரலுக்கு நான்கே அழைப்புகளை விட்டுவைத்தது: ஏற்கெனவே திறந்ததைப் படிப்பது, எழுதுவது, வெளியேறுவது, சிக்னலிலிருந்து திரும்புவது. 2012-இல் எந்தெந்த அழைப்பு வேண்டும் என்று நிரலே பட்டியல் போட்டுக்கொள்ளும் வழி வந்தது. லினக்ஸில் குரோம் பிரவுசர் இதைப் பயன்படுத்துகிறது. இணையப் பக்கத்தை வரைந்து காட்டும் அதன் பகுதி தானாக ஒரு கோப்பையும் திறக்க முடியாது. வேண்டுமானால் பிரவுசரின் தாய்ப் பகுதியிடம் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் விஷம நிரல் வரையும் பகுதியைக் கைப்பற்றினாலும், பயனரின் ஆவணங்களைத் தேடி அது போடும் `openat` பலிக்காது. பட்டியலில் இல்லாத அழைப்பைப் போடும் நிரலை, வைத்த விதியைப் பொறுத்து, கர்னல் பிழைக்குறியோடு திருப்பி அனுப்பும். அல்லது `Bad system call` என்ற செய்தியோடு அந்த இடத்திலேயே நிறுத்தும்.