பொருந்தும், ஆனால் ஃபோகஸ் ஆகாது

பழைய கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் வாங்கும்போது கடைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: "இது என் கேமராவுக்குப் பொருந்துமா?" கடைக்காரர் "பொருந்தும்" என்று பதில் போடுவார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை நம்பி வாங்கினால் ஏமாற வாய்ப்பு உண்டு.

2008இல் வந்த நிக்கான் டி90 பாடியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏஎஃப்-பி 70-300 லென்ஸை வாங்க நினைக்கிறீர்கள். நிக்கான் எஸ்எல்ஆர் கேமராக்களின் மவுண்ட் 1959இலிருந்து அதேதான் என்பதால், லென்ஸ் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் மட்டும் அசையாது.

காரணம், ஃபோகஸ் செய்யும் மோட்டார். பழைய ஏஎஃப் லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பாடியின் மவுண்ட் வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன திருகு முனைதான் லென்ஸைச் சுழற்றும். அந்த முனை டி90இல் உண்டு, டி5600இல் இல்லை. ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அவை இரண்டு பாடிகளிலும் ஓடும். 2016இல் வந்த ஏஎஃப்-பி வகையில் இருப்பது வேறு மாதிரியான மோட்டார். அதை இயக்கும் கட்டளை டி90க்குத் தெரியாது. ஃபோகஸ் வளையமும் அந்த மோட்டார் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால், கையால் திருப்பினாலும் பயன் இல்லை.

ஆகவே மின்னஞ்சலில் பாடியின் பெயரையும், லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் முழுப் பெயரையும் எழுத்து விடாமல் குறிப்பிடுங்கள். '70-300' என்று மட்டும் எழுதினால் போதாது; அந்த அளவில் நிக்கானிலேயே பல லென்ஸ்கள் உண்டு. இப்படி எழுதலாம்:

"வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி90. உங்களிடம் உள்ள ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3ஜி விஆர் லென்ஸ், டி90இல் மாட்டுவதோடு ஆட்டோஃபோகஸும் செய்யுமா? செய்யாது என்றால், கையால் ஃபோகஸ் செய்ய முடியுமா? டி90இல் முழுமையாக வேலை செய்யும் 70-300 வேறு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? வாங்கியபின் ஃபோகஸ் ஆகவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் "இல்லை". மூன்றாவதற்கு, விவரம் தெரிந்த கடைக்காரர் 2006இல் வந்த ஏஎஃப்-எஸ் விஆர் 70-300 எஃப்/4.5-5.6ஜி லென்ஸைச் சொல்வார். அது கொஞ்சம் கனம், பழைய சரக்காகத்தான் கிடைக்கும். ஆனால் டி90இல் ஆட்டோஃபோகஸ் ஆகும். வெறுமனே "எல்லா நிக்கானுக்கும் சேரும்" என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். உங்கள் பாடியோடு நேரில் போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.