கோடு இரண்டு முறை கடந்த இடம்

r = 1 + 2cos θ என்ற வளைவரை எவ்வளவு பரப்பை அடைக்கிறது? கல்லூரி முதலாண்டு மாணவர்கள் பலர் பாடநூலின் சூத்திரத்தை எடுத்து, 0 முதல் 360 பாகை வரை தொகையிட்டு, 9.42 என்று எழுதுவார்கள். கணக்குப் போட்டதில் ஒரு பிழையும் இருக்காது. ஆனாலும் அந்தப் படத்தில் 9.42 சதுர அலகு பரப்புள்ள பகுதி எங்குமே கிடையாது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், இவ்வகைக் கணக்குகளின் சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

வரைபடத்தாளில் ஒரு புள்ளியைக் குறிக்க, குறுக்கே இவ்வளவு, மேலே இவ்வளவு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். துருவ முறையில் சொல்வது வேறு இரண்டு: எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில். திசை θ என்ற கோணம், தூரம் r. நடுவில் நிற்கும் புள்ளிக்குத் துருவம் என்று பெயர். துருவத்திலிருந்து வளைவரை வரை நீளும் ஒரு கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோணம் மாற மாற அந்தக் கோடு சுழலும். நீளவும் செய்யும், குறையவும் செய்யும்.

கோடு மிகச் சிறிய கோணம் திரும்பும்போது ஒரு மெல்லிய வட்டக்கோணப்பகுதியைக் கடக்கிறது. அதன் பரப்பு, ஆரத்தின் வர்க்கத்தைக் கோணத்தால் பெருக்கி, அதில் பாதி. கோணத்தை ரேடியனில் அளக்க வேண்டும். முழுச் சுற்று 2π ரேடியன். இத்தகைய மெல்லிய பகுதிகளையெல்லாம் கூட்டினால் வருவதுதான் (1/2)∫ r² dθ என்ற சூத்திரம்.

முதலில் வம்பில்லாத ஒரு வளைவரையில் இதைப் போட்டுப் பார்ப்போம். r = 1 + cos θ என்பது கார்டியாய்டு, அதாவது இதயவளை. ஒரு நாணயத்தைச் சுற்றி அதே அளவுள்ள இன்னொரு நாணயத்தை வழுக்காமல் உருட்டினால், உருளும் நாணயத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி போகும் பாதை இது. கிழக்கே பார்த்தபடி தொடங்கும்போது r = 2. வடக்கே திரும்பும்போது 1. மேற்கே வரும்போது 0. அங்கேதான் இதயத்தின் பள்ளம். பிறகு தெற்கே 1 ஆகி, மறுபடி கிழக்கே 2. ஒரு முழுச் சுற்றில் r எந்த இடத்திலும் எதிர்மமாகவில்லை. ஆகவே கோடு ஒவ்வொரு திசையையும் ஒரே ஒரு முறைதான் கடக்கிறது.

பரப்பைக் கண்டுபிடிக்க r²-ஐ விரித்தால் 1 + 2cos θ + cos² θ. முழுச் சுற்றுக்கு cos θ-வின் சராசரி 0. Cos² θ-வின் சராசரி பாதி. ஆக r²-இன் சராசரி 1.5. அதை 2π-யால் பெருக்கிப் பாதியாக்கினால் 1.5π, ஏறத்தாழ 4.71. இதயவளையின் உண்மையான பரப்பு இதுவே. நாணயத்தின் பரப்பைப்போல் சரியாக ஆறு மடங்கு.

இனி முதலில் சொன்ன r = 1 + 2cos θ. இந்தக் குடும்பத்து வளைவரைகளுக்கு லிமசான் என்று பெயர். பிளேஸ் பாஸ்கலின் தந்தை எத்தியேன் பாஸ்கல் ஆராய்ந்தவை என்பதால் பாஸ்கலின் லிமசான் என்றும் சொல்வார்கள். இதயவளையும் இதே குடும்பம்தான். ஆனால் cos-க்கு முன்னால் 2 வந்தவுடன் படத்துக்குள் ஒரு புதிய கண்ணி முளைக்கிறது.

கிழக்கே r = 3, வடக்கே 1. கோணம் 120 பாகையை எட்டும்போதே r சுழியாகிவிடுகிறது. அதைத் தாண்டினால் r எதிர்மம். எதிர்மத் தூரம் என்றால், பார்க்கும் திசைக்கு நேர் எதிர்ப்புறம் போக வேண்டும் என்று பொருள். 150 பாகையில் r ஏறத்தாழ −0.73. முகம் வடமேற்கே இருக்க, புள்ளியோ தென்கிழக்கே 330 பாகைத் திசையில் விழுகிறது. 180 பாகையில் r = −1; மேற்கே பார்த்தபடி கிழக்கே ஓர் அலகு தள்ளிப் புள்ளி நிற்கிறது. 240 பாகையில் r மறுபடி சுழி. இந்த 120 பாகைப் பயணத்தில்தான் பெரிய கண்ணிக்குள் ஒரு சிறிய கண்ணி வரையப்படுகிறது.

சுற்றின் முடிவில் கோடு உண்மையாகவே 330 பாகைக்கு வரும். அப்போது r ஏறத்தாழ 2.73. துருவத்திலிருந்து 2.73 தூரம் வரை கடக்கும் அந்தக் கோடு, முன்பே கடந்துவிட்ட முதல் 0.73 தூரத்தையும் சேர்த்துக் கடக்கிறது. r எதிர்மமாக இருந்ததைச் சூத்திரமாவது காட்டிக்கொடுக்குமா என்றால், அதுவும் இல்லை. r-ஐ வர்க்கப்படுத்துவதால் எதிர்மக் குறி மறைந்துபோய், சிறிய கண்ணியின் பரப்பும் நேர்மமாகவே கூட்டப்படுகிறது. சுவரின் ஒரு மூலைக்கு மட்டும் இரண்டு பூச்சு அடித்துவிட்டு, செலவான வண்ணத்தை வைத்துச் சுவரின் பரப்பைச் சொல்வது போன்றது இது. சூத்திரம் அளப்பது கோடு கடந்த மொத்தத்தை. படம் அடைக்கும் இடத்தை அல்ல.

இப்போது எல்லைகளைப் பிரித்துப் போடுவோம். −120 முதல் 120 பாகை வரை தொகையிட்டால் வெளிக் கண்ணி மட்டும் கிடைக்கும்: 2π + 3√3/2, ஏறத்தாழ 8.88. 120 முதல் 240 வரை தொகையிட்டால் உள் கண்ணி: π − 3√3/2, ஏறத்தாழ 0.54. இரண்டையும் கூட்டினால் 9.42. முதலில் கிடைத்த எண் இதுதான். வளைவரை அடைக்கும் பரப்பு 8.88, உள் கண்ணி அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. இரு கண்ணிகளுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கேட்டால், 9.42-இலிருந்து 0.54-ஐ ஒரு முறை கழித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிக் கழித்தால், இரட்டிப்பாகச் சேர்ந்தது மட்டுமே நீங்கி 8.88 கிடைக்கும். இடைப்பகுதி வேண்டுமென்றால் இரண்டு முறை கழிக்க வேண்டும், விடை 8.34.

கண்ணி கண்ணுக்குத் தெரியாமலும் பரப்பு இரட்டிக்கலாம். r = cos 3θ மூன்று இதழ் ரோஜா. 0 முதல் 360 பாகை வரை தொகையிட்டால் π/2 வரும்; உண்மையான பரப்பு π/4. 180 பாகைக்குள் மூன்று இதழும் வரைந்து முடிந்துவிடுகிறது. மீதி அரைச் சுற்றில் கோடு அதே இதழ்கள்மேல் மறுபடி போகிறது. ஆனால் r = cos 2θ-வுக்கு நான்கு இதழ்; அதை வரைந்து முடிக்க முழுச் சுற்றும் வேண்டும். அங்கே π/2 சரியான விடை. ஆகவே 360 பாகை என்பதை வழக்கமான எல்லையாக எடுத்துக்கொள்ள முடியாது.

தொகையிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை சிறியதுதான். r = 0 ஆகும் கோணங்களைக் கண்டுபிடியுங்கள். அவற்றுக்கிடையே r நேர்மமா எதிர்மமா என்று பாருங்கள். எதிர்மமான இடத்தில், புள்ளி எதிர்த்திசையில் எங்கே விழுகிறது என்று ஓரிரு கோணங்களைப் போட்டுக் குறியுங்கள். அது புதிய இடத்தை அடைக்கிறதா, ஏற்கெனவே அடைத்த இடத்துக்குள் விழுகிறதா, பழைய கோட்டின்மேலேயே போகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதல் வகை என்றால் அப்படியே கூட்டலாம். இரண்டாவது என்றால் எல்லையைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது என்றால் எல்லையைச் சுருக்க வேண்டும்.