கம்பியும் இல்லை, கூடமும் இல்லை: எம்புவது எப்படி?

மல்லாபூரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் தமிழ் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, தரையில் தண்டால் ஓரளவு வருகிறது. ஆனால் கம்பியைப் பிடித்து ஒரு முறைகூட எம்ப முடியவில்லையே, ஏன்?" என்பதே அது. கேட்பவர்களில் சிலருக்கு இது வெறும் ஆசை. சிலருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. 2022-இல் அக்னிவீர் முறை வந்தபின் நடந்த இராணுவ ஆட்சேர்ப்பு முகாம்களின் அறிவிப்புகளில், கம்பியில் 10 முறை எம்பினால் 40 மதிப்பெண், 7 முறை எம்பினால் 21, 6 முறை எம்பினால் 16, அதற்குக் கீழே போனால் தகுதியே இல்லை என்று கண்டிருந்தது. ஓட்டத்தில் முந்தி வந்த இளைஞன் கம்பியின் கீழ் நின்று கால்களை உதைத்துவிட்டு வீடு திரும்புவது எவ்வளவு பரிதாபம்!

கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. தரையில் கை ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நேராக வைத்து இறங்கி ஏறுகிறோமே, அதை இக்கட்டுரையில் நேர்த்தண்டால் என்று சொல்லுகிறேன். நம் ஊர்ப் பயில்வான்கள் இடுப்பை உயர்த்தி முன்னே பாய்ந்து போடும் தண்டால் வேறு. அதில் பாரம் கைக்கும் காலுக்கும் மாறி மாறிப் போவதால் அதை இங்கே கணக்கில் சேர்க்க இயலாது. நேர்த்தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கைகளுக்கு வருகிறது. மற்றதைக் கால்விரல்கள் தாங்கிக்கொள்ளும். 62 கிலோ எடையுள்ள ஒருவர் தரையில் தள்ளுவது சுமார் 40 கிலோ. அவரே கம்பியைப் பிடித்துத் தொங்கினாலோ 62 கிலோவையும் கைகளே தூக்கவேண்டும். தரையில் கெட்டிக்காரர் கம்பியில் தோற்பதில் வியப்பென்ன? போதாக்குறைக்கு, தள்ளுவதற்கு உதவும் மார்பும் தோளும் வேறு. இழுப்பதற்கு உதவும் முதுகும் முழங்கையை மடக்கும் தசையும் வேறு. தண்டாலை நூறாக்கினாலும் எம்புதல் வந்துவிடாது.

ஆகவே வழி யாதெனில், கைக்கு வரும் பங்கைச் சிறிதாகத் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்குவதே. எடைத் தட்டுகள் வைத்திருப்பவர் இரும்பைச் சேர்ப்பார். நாம் கோணத்தை மாற்றுவோம்.

முதலில் தள்ளுதல். நாம் குடியிருக்கும் வீடுகளில் மாடிப்படி இல்லாத வீடு அரிது. அந்த மாடிப்படிதான் நமக்கு எடைத் தட்டு. சுமார் 60 செண்டிமீட்டர் உயரமுள்ள படியில் கைகளை ஊன்றிக் கால்களைத் தரையில் வைத்தால் கைக்கு வருவது உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. 62 கிலோக்காரருக்கு 25 கிலோ. ஒரு படி கீழே இறங்கினால் பாரம் சற்றுக் கூடும். தரைக்கு வந்தால் 40 கிலோ. தரையில் கை இருக்க, கால்களை அதே 60 செண்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் முக்கால் பங்கு, அதாவது 46 கிலோ. இப்படிப் படிகளே நமக்கு எடை மாற்றித் தருகின்றன.

எப்போது ஒரு படி இறங்குவது? ஒரே படியில் 12 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 12, மறுபடி 12 என்று மூன்று தொகுதிகள் சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த முறை ஒரு படி கீழே இறங்கலாம். சுத்தமாக என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறேன். மார்புக்கு நேரே ஒரு துண்டைக் கைமுட்டி உயரத்துக்கு மடித்து வையுங்கள். மார்பு துண்டைத் தொட்டால்தான் ஒன்று. இடுப்பு தொய்ந்து வயிறு முன்னே வந்தால் அது கணக்கில் இல்லை. முழங்கைகள் சிலுவைபோல் பக்கவாட்டில் விரியாமல், உடம்போடு பாதிக் கோணத்தில் பின்னோக்கி இருக்கட்டும். இல்லையேல் தோளின் முன்புறம் வலிக்கத் தொடங்கும்.

இனி இழுத்தல். இங்கேதான் கருவியில்லாதவன் கலங்குகிறான். ஆனால் நம் வீட்டுச் சன்னலில் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. நம் பெட்டியில் ஒரு பழைய வேட்டி இருக்கிறது. சுவருக்குள்ளேயே புதைத்துக் கட்டிய கம்பியா என்று முதலில் பார்க்கவேண்டும். மரச் சட்டத்தில் திருகாணி போட்டு மாட்டிய கம்பியாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மார்பு உயரத்தில் குறுக்காக ஓடும் கம்பியின் பின்னே வேட்டியைச் செலுத்தி, இரு முனைகளையும் முறுக்கி இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, உடம்பை நேராக வைத்துப் பின்னே சாயவேண்டும். பிறகு முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னே இழுத்து மார்பைக் கைகளுக்குக் கொண்டுவரவேண்டும். கால்கள் பின்னே இருந்தால் உடம்பு நிமிர்ந்து நிற்கும், பாரம் குறையும். கால்களைச் சன்னலை நோக்கி ஒரு சாண் முன்னே நகர்த்தினால் சாய்வு கூடும், பாரமும் கூடும். இதிலும் அதே 12, 12, 12 கணக்குதான். தவறு நேர்வதைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் சொல்லுகிறேன்: இழுக்கும்போது தோள்கள் காதை நோக்கி எழுந்தால், முதுகு வேலை செய்யவில்லை, கழுத்து வேலை செய்கிறது என்று அறிக. அப்போது ஒரு சாண் பின்னே வாருங்கள்.

சாய்வு மிகுந்து, உடம்பு தரையோடு ஏறக்குறையப் படுத்த நிலைக்கு வந்த பிறகே தொங்குவதற்கு இடம் தேடவேண்டும். மல்லாபூரில் தொழிற்சாலைகளுக்கு நடுவேயும் வேப்பமரங்களுக்குக் குறைவில்லை. உயிருள்ள, வளையாத, கை கொள்ளும் அளவுக்குப் பருத்த கிளையை, அடிமரத்துக்கு அருகே பிடியுங்கள். முதலில் கால் தரையில் இருக்கும்போதே இழுத்துப் பார்த்து, பிறகு தொங்குங்கள். முருங்கை பருத்தால் தூணாகுமா என்றார்கள் நம் முன்னோர். அந்த மரத்தின் பக்கமே போகாதீர்கள். பழைய வீட்டுச் சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்டுப் பலகையிலும், தரையில் பதிக்காத பந்தாட்டக் கம்பத்திலும் ஒருபோதும் தொங்காதீர்கள். முன்னது உடையும், பின்னது உங்கள் மேலேயே கவிழும்.

கிளை கிடைத்தவுடன் எம்ப முயலவேண்டாம். முதல் இரண்டு வாரம் சும்மா தொங்குங்கள். 20 விநாடியில் தொடங்கி 40 விநாடிக்கு வாருங்கள். அதன்பின் முழங்கையை மடக்காமல், தோள்களை மட்டும் காதிலிருந்து கீழே இழுத்துத் தளர்த்திப் பழகுங்கள். எம்புதலின் முதல் இரண்டு அங்குலம் அதுதான். பெரும்பாலோர் தோற்பதும் அங்கேதான்.

அடுத்தது இறங்குதல். ஏற முடியாத பாரத்தையும் மெல்ல இறக்கத் தசையால் முடியும் என்பது உடலியல் நமக்குத் தரும் சலுகை. ஒரு கல்லின் மேல் ஏறி, தாடை கிளைக்கு மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணுவதற்குள் கீழே போய்விடாமல் இறங்கவேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து இறக்கம் போதும். ஒவ்வொன்றும் பத்து விநாடி பிடிக்கும் அளவுக்கு வந்தால் முதல் எம்புதல் வாசலில் நிற்கிறது என்று கொள்ளலாம். உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி பிடித்தால் சற்று எளிது. முதல் வெற்றியை அப்படிப் பெற்று, பிறகு கையைத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்த இறக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஏறுவதைவிட இறங்குவது தசையை அதிகம் நோகச் செய்யும். அந்த வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து தணிந்துவிடும். அது இயல்பு. ஆனால் முழங்கையின் உட்புற எலும்பு முனையில், காலையில் செம்பைத் தூக்கும்போதே சுருக்கென்றால், அது தசை வலியன்று, தசைநாரின் முறையீடு. இரண்டு வாரம் தொங்குவதை நிறுத்திவிட்டுச் சன்னலுக்குத் திரும்புங்கள். பந்தயம் கட்டி ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செய்து, கை வீங்கிச் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், சிதைந்த தசையின் பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

என் அறைத்தோழர் ஒருவரின் கணக்கைத் தருகிறேன். எடை 62 கிலோ. தொடக்கத்தில் நேர்த்தண்டால் மூன்று, எம்புதல் பூச்சியம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் மட்டுமே பயிற்சி. முதல் ஆறு வாரம் படியும் சன்னலும். ஏழாம் வாரம் தரையில் எட்டெட்டாக மூன்று தொகுதி வந்தது. எட்டாம், ஒன்பதாம் வாரம் வேப்பங்கிளையில் தொங்கினார். பத்தாம் வாரம் முதல் இறக்கம். பன்னிரண்டாம் வாரம் முழங்கை வலித்தது. இரண்டு வாரம் நிறுத்தினார். பதினேழாம் வாரம் முதல் எம்புதல் வந்தது.

ஒன்றிலிருந்து ஆறுக்குப் போவது எப்படி என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். ஒன்று வந்ததும் தினமும் மூச்சு முட்ட இரண்டாவதற்கு முயன்று, உடம்பை நெளித்துக் காலை உதைப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒன்று எம்பி இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒன்று என்று ஐந்து முறை செய்தார். ஐந்தும் சுத்தமாக வந்த பிறகு, அவற்றில் ஒன்றை மட்டும் இரண்டாக்கினார். அடுத்த வாரம் இன்னொன்றை. ஐந்தும் இரண்டான பின் மூன்று. கடைசி எம்புதல் தளர்வதற்கு ஒன்று முன்பாகவே நிறுத்துவது அவர் வழக்கம். இருபத்தெட்டாம் வாரம் ஒரே மூச்சில் ஏழு வந்தது. முகாமின் அட்டவணையில் அது 21 மதிப்பெண்.

கனத்த உடம்பினருக்கு இதைவிட நாள் பிடிக்கும். 80 கிலோக்காரர் 80 கிலோவையும் தூக்கவேண்டுமல்லவா? ஆகவே முகாம் தேதி வந்தபின் தொடங்குவது வீண். ஏழு மாதம் முன்பாகத் தொடங்குங்கள். இங்கே சித்திரை, வைகாசி வெயிலில் மாடித்தளம் உள்ளங்கையைச் சுட்டுவிடும். பொழுது விடியும் வேளையே நல்லது. வேட்டி நைந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுப் பின்னே சாயுங்கள்.