62 சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்களா?

மதுரையில் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். தளத்தில் மெயில் முகவரி கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் மூன்று வரவேற்பு மெயில்கள் தானாகவே போகும்படி ஒருவர் அமைத்துக் கொடுத்திருக்கிறார். மாதக் கடைசியில் அவர் தரும் அறிக்கையில், புதிதாகச் சேர்ந்த 400 பேரில் 248 பேர் முதல் மெயிலைத் திறந்திருக்கிறார்கள், 62 சதவீதம், என்று இருக்கிறது. கடைக்காரர் சந்தோஷப்படுவதற்கு முன்னால், இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படம் ஒளிந்திருக்கும். ஆளுக்கு ஆள் அதன் முகவரி வேறு. மெயிலைத் திறந்தால் அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும். இறங்கியதுமே ‘இவர் திறந்துவிட்டார்’ என்று பதிவாகும். ஆக, எண்ணப்படுவது படம் இறங்கியதுதான், மெயிலைப் படித்தது அல்ல.

2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றம் இதைக் குழப்பிவிட்டது. ஐபோனில் உள்ள மெயில் செயலியில் அந்தரங்கப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், ஆப்பிளின் சர்வர்களே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுகின்றன. அவர் மெயிலைத் தொடவே இல்லை என்றாலும் திறந்ததாகவே பதிவாகும். நம் கடையின் 400 பேரில் 150 பேர் இப்படிப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 150 பேருமே ‘திறந்தவர்கள்’ ஆகிவிடுவார்கள். அவர்களை ஒதுக்கினால் மிச்சம் 250 பேர். அவர்களில் திறந்தவர்கள் 98. உண்மைக்கு அருகில் உள்ள எண் 39 சதவீதம்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கூடக் கூட இந்த வீக்கமும் கூடும். இதற்கு நேர்மாறானதும் உண்டு: படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் முழு மெயிலையும் படித்தாலும் கணக்கில் வரமாட்டார்.

அதனால் திறப்பு விகிதத்தை ஒரே கடைக்குள், ஒரு மெயிலோடு இன்னொரு மெயிலை ஒப்பிட மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று பாதியாகக் குறைந்தால் மெயில்கள் ஸ்பேமுக்குப் போகின்றன என்று சந்தேகப்படலாம். மற்றபடி பார்க்க வேண்டியது, எத்தனை பேர் லிங்கை அழுத்தினார்கள், எத்தனை பேர் ஆர்டர் போட்டார்கள் என்பதைத்தான்.

அந்த ஆர்டர், மெயில்களின் வரிசையைப் பொறுத்தது. முதல் மெயில் முகவரி கொடுத்த சில நிமிடங்களுக்குள் போக வேண்டும். கூப்பன் தருவதாகச் சொல்லியிருந்தால் அது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து இரண்டாவது: துணியில் முடிச்சு எப்படிப் போடுகிறார்கள், முதல் சில தடவை ஏன் தனியாக அலச வேண்டும் என்று விற்பனை வாடையே இல்லாமல் சொல்லலாம். என் கணிப்பில் நம்பிக்கையை உண்டாக்குவது இந்த மெயில்தான். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். ஐந்தாம் நாள் மூன்றாவது, கூப்பன் முடியும் தேதியை நினைவூட்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. நேற்று முழு விலைக்குச் சேலை வாங்கியவருக்கு இன்று ‘உங்கள் 10% தள்ளுபடி காத்திருக்கிறது’ என்று மெயில் போகும். மிச்சப் பணத்தைக் கேட்டு அவர் எழுதினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆர்டர் போட்டவர் அந்த வரிசையிலிருந்து உடனே விலக வேண்டும் என்ற விதியை அமைக்காமல் விட்டதே காரணம். கண்டுபிடிப்பது சுலபம்: உங்கள் வீட்டார் ஒருவரின் முகவரியைக் கொடுத்து, ஒரு பொருளை வாங்கி, ஐந்து நாள் என்ன வருகிறது என்று பாருங்கள்.

இனி கட்டணம். மூன்று செலவுகளைத் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். மெயில்களை எழுதி அமைக்க ஒருமுறைக் கூலி. மாதாமாதம் பார்த்துத் திருத்துவதானால் அதற்கொரு தொகை. மெயில் அனுப்பும் சேவைக்கான சந்தா மூன்றாவது. அதை அமைத்துத் தருபவர் வழியாக அல்லாமல் கடையே நேரடியாகக் கட்டுவது நல்லது. இந்தச் சந்தா பெரும்பாலும் பட்டியலில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஏறும். சில சேவைகளில், வேண்டாம் என்று விலகியவர்களையும் நீக்கும்வரை கணக்கில் சேர்ப்பார்கள். திறப்பு விகிதம் இவ்வளவு வந்தால் இவ்வளவு கூடுதல் கூலி என்ற ஒப்பந்தத்துக்கு மட்டும் இசைய வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் சேர்ந்த மாதத்தில், யாரும் எதுவும் படிக்காமலேயே அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: சேவையின் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும் கடையின் பெயரில், கடையின் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.