குக்கரில் வேகவைத்த ஜீவாமிர்தம்

பஞ்சகவ்யத்தைப் பயிருக்குப் பழக்கியவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். இன்று கொங்கு நாட்டுத் தோட்டங்களில் அதற்கு இணையாகப் புழங்குவது மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தம். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். நிழலில் வைத்துக் கலக்கிவந்தால் 48 மணி நேரத்தில் தயார். இது ஒரு ஏக்கருக்கு.

முதலில் கணக்குப் போடுவோம். இந்த டிரம்மில் இருக்கும் தழைச்சத்து ஏறத்தாழ 200 கிராம். அரைக் கிலோ யூரியாவில் இருப்பது. ஈரோட்டு மஞ்சளுக்கோ ஏக்கருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து பரிந்துரைக்கிறார்கள். ஆக, இதை உரமென்று சொல்ல முடியாது. பாலேக்கரும் அப்படிச் சொல்லவில்லை. நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது என்கிறார். ஒரு கிராம் நாட்டு மாட்டுச் சாணத்தில் 300 முதல் 500 கோடி என்பது அவர் கணக்கு.

அதையும் பெருக்கிப் பார்க்கலாம். 10 கிலோவில் அதிகபட்சம் 50 லட்சம் கோடி. ஒரு ஏக்கரின் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, சுமார் 900 டன். கிராமுக்கு 10 கோடி என்று குறைத்தே மதித்தாலும், மண்ணில் ஏற்கெனவே இருப்பவை சாணத்தில் வருபவற்றைப் போல 1,800 மடங்கு! வெல்லத்தைத் தின்று அவை டிரம்முக்குள் நூறு மடங்கு பெருகினாலும், மண்ணின் கூட்டத்தில் பதினெட்டில் ஒரு பங்குதான் ஆகும்.

அப்படியானால் பயிர் செழித்ததென்றால் எதனால்? இதைப் பிரித்தறிய நான்கு வாளி போதும். ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் வெல்லமும் மாவும் மட்டும் கரைத்த தண்ணீர். மூன்றாவதில் ஜீவாமிர்தம். நான்காவதில் அதே ஜீவாமிர்தம், ஆனால் கொன்றது. சும்மா கொதிக்கவைத்தால் சில பாக்டீரியாக்கள் வித்துறைக்குள் (கெட்டி ஓடு போட்ட உறக்க நிலை) ஒளிந்து தப்பிவிடும். வீட்டு பிரஷர் குக்கரின் அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேறும். அதில் இருபது நிமிடம் வைத்தால் அவையும் சாகும். (சமையலுக்கு வேறு குக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒவ்வொன்றுக்கும் ஆறு தொட்டி, ஒரே மண், ஒரே விதை, ஒரே அளவு ஊற்றல். எந்தத் தொட்டி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்க்கால் ஓரத்துச் செடி எதை ஊற்றினாலும் பச்சையாகத்தான் இருக்கும். ஊற்றுபவர் வேறு, அளப்பவர் வேறு. கடைசியில் செடியைக் காயவைத்து எடை போடுங்கள். பசுமை கண்ணை ஏமாற்றும்.

செத்ததும் உயிருள்ளதும் ஒரே எடை தந்தால், பலன் கரைந்த சத்தினுடையது. உயிருள்ளது முந்தினால் நுண்ணுயிர்க் கட்சிக்கு ஒரு வாக்கு. வெல்லத் தண்ணீரே சமமாக வந்துவிட்டால்தான் சுவாரசியம்: மண்ணின் சொந்த உயிர்களுக்குத் தீனி கிடைத்ததே காரணமாக இருக்கலாம், சாணம் தேவைப்படவே இல்லை.

காங்கேயம் மாட்டுச் சாணம்தான் உசத்தி, ஜெர்சியுடையது ஆகாது என்ற வாதத்தையும் இதே முறையில் தீர்க்கலாம். இரண்டுக்கும் ஒரே தீவனம் போட்டு, டிரம்மில் மாட்டின் பெயருக்குப் பதில் எண் எழுதி, எந்த எண் எந்த மாட்டுக்கு என்ற சீட்டை எடை போட்டு முடியும்வரை பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.